கல்லைப் பழக்கத் தெரிந்தவர்கள்

வார்ப்பிரும்புத் தோசைக்கல்லை விற்பது பெரிய காரியமில்லை. விற்ற பிறகு வரும் முதல் பதினைந்து நாள்தான் சிரமம். வாங்கியவர் ஆசையோடு பெட்டியைப் பிரிக்கிறார், கழுவுகிறார், அடுப்பில் வைத்து மாவை ஊற்றுகிறார். தோசை ஒட்டிக்கொள்கிறது. கரண்டியால் சுரண்டுகிறார். கல்லைத் தண்ணீரில் ஊறப்போடுகிறார். மறுநாள் காலையில் கல் முழுக்கத் துரு. உடனே கடைக்குப் படம் வருகிறது: "ஏங்க, பழைய கல்லத் தூக்கி என் தலைல கட்டிட்டீங்களா?"

கல்லில் குறை ஒன்றும் இருக்காது. பழக்காத கல் அப்படித்தான் நடந்துகொள்ளும். ஆனால் அதைக் கடைக்காரன் சொன்னால் சாக்குப்போக்காகத்தான் கேட்கும். அதே வார்த்தையை, அதே கல்லை வாங்கி, அதே துருவைப் பார்த்து, இன்றைக்கு அதில் முறுகலாகத் தோசை சுடுகிற இன்னொரு வாடிக்கையாளர் சொன்னால் கேட்கும். எங்கள் பாத்திரக் கடையின் வாடிக்கையாளர் வாட்ஸ்அப் குழுவைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு இந்த வித்தியாசம்தான் காரணம். ஆர்டர் எங்கே வருகிறது, பார்சல் எப்போது கிடைக்கும் என்று கேட்பதற்காகத் தொடங்கிய குழு அது. இன்றைக்கு அதைக் கடையின் குழு என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர்கள் குழு. கடை அதில் ஓர் ஓரமாக இருக்கிறது.

அது மாறிய விதத்தைச் சொல்ல வேண்டுமென்றால் ஈரோட்டு அம்மா ஒருவரிடமிருந்து தொடங்க வேண்டும். ஒரு ராத்திரி, பெங்களூரிலிருந்து ஒரு பெண் குழுவில் கேட்டிருந்தார்: "கல்லை வடிச்ச கஞ்சியில ஊறவைக்கச் சொல்றீங்க. எங்க வீட்ல குக்கர்லதான் சோறு. கஞ்சிக்கு எங்க போவேன்?" கடை மூடியிருந்த நேரம். காலையில் நான் பார்த்தபோது, ஈரோட்டு அம்மா பதில் போட்டு முடித்திருந்தார். "கண்ணு, கஞ்சி இல்லாட்டி அரிசி களையற தண்ணியே போதும். ரெண்டாவது தண்ணிய ஒரு குண்டாவுல புடிச்சு வெச்சு அதுல கல்ல போடு. ராத்திரி போட்டுக் காலைல எடுத்துரு, அதுக்கு மேல விட்றாத, துரு ஏறும். சீயக்காய் போட்டுத் தேய்ச்சுக் கழுவி, அடுப்புல வெச்சு ஈரம் போகக் காயவிட்டு, அப்பறம் எண்ணெய்." கூடவே அவருடைய சொந்தக் கல்லின் படம், கறுகறுவென்று கண்ணாடி போல.

கடையில் நாங்கள் எழுதிவைத்திருந்த குறிப்பைவிட அது நல்ல பதில். கஞ்சியின் வேலை, பட்டறையில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசி அனுப்பும் எண்ணெய்ப் பிசுக்கை இளக்குவது. அந்த வேலையைச் சீயக்காயும் சுடுதண்ணீரும்கூடச் செய்துவிடும். "அதுக்கு மேல விட்றாத" என்பது எங்கள் குறிப்பில் இல்லாத விஷயம். ஊறவைக்கச் சொன்னவர்கள் எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அனுபவத்தில் துருவைப் பார்த்தவருக்குத்தான் அந்த வாக்கியம் வரும்.

முகம் தெரியாத ஒருவருக்கு நேரம் செலவழித்து இப்படி ஏன் சொல்கிறார்கள்? கரீம் லக்கானி, எரிக் வான் ஹிப்பல் என்ற இரு ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. அப்பாச்சி என்ற வலைச் சேவையக மென்பொருளைப் பயன்படுத்துவோர் ஒருவருக்கொருவர் இலவசமாக உதவிக்கொள்வதை அவர்கள் ஆராய்ந்தார்கள். பதில் சொல்பவர்கள் செலவழிக்கும் உழைப்பில் 98 சதவீதம் அவர்களுக்கே கற்றலாகத் திரும்புகிறது என்று கண்டார்கள். அவர்கள் வருவது மற்றவர்களின் கேள்வியையும் பதிலையும் படித்துத் தாங்கள் தெரிந்துகொள்வதற்காக. படிக்கும்போது, ஏற்கெனவே பதில் தெரிந்த கேள்வி கண்ணில் பட்டால் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சொல்வதற்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான்.

சர்வர் பராமரிக்கும் பொறியாளர்களுக்குச் சொன்னது ஈரோட்டு அம்மாவுக்கும் அப்படியே பொருந்துகிறது. அவரும் குழுவுக்குள் வருவது அடுத்தவர் சமையலறையில் என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான். இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு முடிவு கிடைக்கிறது. உதவும் மனம் கொண்டவர்களைத் தேடி அலைய வேண்டாம், அவர்களுக்குப் பரிசு கொடுத்துத் தூண்டவும் வேண்டாம். குழுவில் படிக்கத் தகுந்த விஷயம் இருக்க வேண்டும். "ஆடித் தள்ளுபடி 20%" என்று நாளைக்கு மூன்று படம் வந்து விழும் இடத்துக்கு யாரும் படிக்க வரமாட்டார்கள். அதனால் விலை, தள்ளுபடி, புதுச் சரக்கு எல்லாவற்றையும் தனி அறிவிப்புப் பட்டியலுக்கு மாற்றினோம். குழுவில் கடை எதையும் விற்காது என்பது முதல் விதி. காலை வணக்கப் படங்களும் ஃபார்வர்டுகளும் கூடாது என்பது அடுத்தது. முதல் விதியைக் கடை கடைப்பிடித்ததால்தான் இரண்டாவதை உறுப்பினர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்ததாக, கேள்வி வந்த உடனே கடை பதில் சொல்வதை நிறுத்தினோம். வியாபாரம் செய்பவர்களுக்கு இது நெஞ்சை அடைக்கும் விஷயம். வாடிக்கையாளர் கேட்டு அரை மணி நேரமாகியும் பதில் சொல்லாமல் இருப்பதா? ஆனால் கடை உடனே சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு வேறு யாரும் வாய் திறப்பதில்லை. "அதான் கடைக்காரங்களே சொல்லிட்டாங்களே" என்று எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். அதனால் கடையிலிருந்து பதிலுக்குப் பதிலாகக் கேள்வியைத் தெளிவாக்கும் கேள்விகள் மட்டும் போகும். எந்த அடுப்பு, எந்த எண்ணெய், முதலில் என்ன செய்தீர்கள், கல்லின் படம் ஒன்று போடுங்கள்.

இந்த நான்கும் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தானாகவே புரிந்துவிடும். "தோசை ஒட்டுது" என்ற ஒரே புகாருக்குள் பல காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. கல் பிசுபிசுவென்று இருந்தால், எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் காய்ச்சியிருக்கிறார் என்று பொருள். கல்லைப் பழக்குவது என்பது, எண்ணெய் சூட்டில் இறுகிக் கெட்டிப் படலமாக இரும்போடு ஒட்டிக்கொள்வது. படலம் மெல்லியதாக இருந்தால்தான் முழுக்க இறுகும். தடிமனாகப் பூசினால் மேலே பசை போல நின்றுவிடும். எண்ணெயைத் தடவிவிட்டு, தடவவே இல்லை என்று தோன்றுமளவுக்குத் துணியால் துடைத்த பிறகுதான் சூடேற்ற வேண்டும். தேங்காய் எண்ணெய் என்று பதில் வந்தால் அது வேறு கதை. அந்த எண்ணெயில் இறுகும் தன்மையுள்ள கொழுப்பு குறைவு, படலம் பிடிக்க நாளாகும். நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ சீக்கிரம் பிடிக்கும். நாகர்கோவில், கேரளப் பக்கத்து உறுப்பினர்கள் இதைச் சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க பாட்டி காலத்துல இருந்து தேங்காயெண்ணெதான்" என்றார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. நாள்தோறும் அதே கல்லில் ஆண்டுக்கணக்காகச் சுட்டால் எந்த எண்ணெயிலும் கல் பழகிவிடும். இப்படியான வாதம் குழுவுக்கு உயிர். கடை அதில் நடுவராகப் போய் உட்காரக் கூடாது.

ஆனால் எல்லாக் குறிப்பையும் இப்படி விட்டுவிட முடியாது. ஒருவர் எழுதினார்: "தோசை சுட்டு முடிச்சதும் சூட்டோட சூடா கல்லுல பச்சத் தண்ணி ஊத்தி விடுங்க. சர்ருனு எல்லா அழுக்கும் எழும்பி வந்துரும்." நல்ல மனதோடு சொன்னதுதான். தகரக் கல்லில் அவர் பல காலம் அப்படிச் செய்தும் இருப்பார். நிறைய பேர் கைதட்டல் படம் போட்டிருந்தார்கள். வார்ப்பிரும்பு அப்படியில்லை. அது கடினமானது, ஆனால் வளைந்துகொடுக்காது. ஒரு பக்கம் சட்டென்று குளிர்ந்து சுருங்கும்போது இன்னொரு பக்கம் சூட்டில் விரிந்தே இருந்தால் விரிசல் விடும். அதோடு கொதிநீர் தெறித்தால் முகத்தில் படும்.

இந்த இடத்தில் கடை காத்திருக்கவில்லை. கடையின் பெயரிலேயே, அந்தச் செய்திக்குப் பதிலாக, உடனே எழுதினோம். வார்ப்பிரும்பில் இது வேண்டாம், கல் வெடிக்கும், ஆறிய பிறகு வெந்நீரில் கழுவுங்கள் என்று காரணத்தோடு. எழுதியவருடைய செய்தியை அழிக்கவில்லை. அழித்திருந்தால் அதை ஏற்கெனவே படித்தவர்களுக்கு மறுப்பு போய்ச் சேர்ந்திருக்காது, எழுதியவரும் அவமானப்பட்டு ஒதுங்கியிருப்பார். அவருக்குத் தனியாகப் போன் செய்தேன். "தகரக் கல்லுக்கும் இதுக்கும் இதுதான் வித்தியாசம்னு நீங்களே குரூப்ல ஒரு வார்த்தை சொல்லிருங்க சார், எல்லாருக்கும் உபயோகமா இருக்கும்" என்று கேட்டேன். அவரே எழுதினார். அதற்குப் பிறகு யாராவது அந்தத் தவறைச் செய்யப் போனால் முதலில் தடுக்கும் ஆளும் அவர்தான்.

இந்த அனுபவத்தில் எங்களுக்கு ஒரு கோடு கிடைத்தது. கஞ்சியா அரிசித் தண்ணீரா, வெங்காயத்தைப் பாதியாக நறுக்கித் தேய்ப்பதா வாழைத்தண்டில் துணி சுற்றித் தேய்ப்பதா, முதலில் சப்பாத்தி போடுவதா ஆம்லெட் போடுவதா என்பதெல்லாம் அவரவர் வீட்டு வழக்கம். தவறினால் ஒரு தோசைதான் போகும். கல் உடைவது, கை சுடுவது, எண்ணெய் தீப்பிடிப்பது போன்றவை கடையின் பொறுப்பு. அங்கே வாடிக்கையாளர் யாராவது சொல்லிக்கொள்வார்கள் என்று விற்றவன் காத்திருக்கக் கூடாது. இண்டக்‌ஷன் அடுப்பில் எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் வைப்பது இந்த இரண்டாவது வகையில் சேரும். நடுப்பகுதி மட்டும் சட்டென்று சூடேறி, விளிம்பு குளிர்ந்தே இருக்கும். குறைந்த வேகத்தில் வைத்து, கல் முழுக்கச் சூடு பரவிய பிறகுதான் கூட்ட வேண்டும்.

வாட்ஸ்அப்பில் ஒரு பெரிய குறை, நல்ல பதில்கள் மூழ்கிப்போவது. ஈரோட்டு அம்மாவின் பதில் நாலு நாளில் கீழே போய்விடும். புதிதாகச் சேருபவருக்கு அது கண்ணிலேயே படாது. அதே கேள்வி மறுபடியும் வரும். நாலைந்து முறை பொறுமையாகச் சொன்னவர் அதற்குப் பிறகு சொல்ல மாட்டார். குழுக்கள் ஓய்ந்துபோவதற்கு நான் கண்ட முக்கியமான காரணம் இதுதான். சண்டை வந்து கலைந்ததைவிட, பழையவர்கள் சலித்து அமைதியான குழுக்கள் அதிகம்.

இதற்குத் தீர்வாக ஒரு தாளை அச்சடித்தோம். கல்லோடு பெட்டியில் போகும் பழக்கும் குறிப்பு அது. கடையில் நாங்கள் எழுதிய குறிப்பைத் தூக்கிவிட்டு, குழுவில் வந்த பதில்களை, சொன்னவர்களின் பேச்சுத் தமிழிலேயே, அவர்கள் ஒப்புதல் வாங்கி, பெயரும் ஊரும் போட்டு அச்சடித்தோம். பெயர் வேண்டாம் என்றவர்களுக்கு ஊர் மட்டும். நாங்கள் சேர்த்தவை உடைப்பு, தீ பற்றிய எச்சரிக்கைகள் மட்டும்தான்.

அந்தத் தாள் செய்த வேலையை வேறு எதுவும் செய்யவில்லை. ஈரோட்டு அம்மாவின் மகள் அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாக எழுதினார். சேலத்திலிருந்து ஒருவர், தாளில் சொல்லியிருந்த வெங்காயக் குறிப்பு தவறு, வெங்காயத்தை எண்ணெய் காய்ந்த பிறகு தேய்க்க வேண்டும் என்று திருத்தம் அனுப்பினார். இரண்டு பேர் செய்துபார்த்து அவர் சொன்னதுதான் சரி என்றார்கள். அடுத்த அச்சில் மாற்றினோம், அவர் பெயரும் சேர்ந்தது. அதிலிருந்து அந்தத் தாள் அவர்களுடையதாகிவிட்டது. ஒவ்வொரு அச்சுக்கும் முன்பு குழுவில் கேட்கிறார்கள்: "இந்தத் தடவை என்ன மாத்தறோம்?" என்று. "என்ன மாத்தப் போறீங்க?" என்று யாரும் கேட்பதில்லை.

உரிமை உணர்வு எப்படி வருகிறது என்று கேட்டால் நான் இந்தத் தாளைத்தான் காட்டுவேன். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று சொல்வதால் அது வருவதில்லை. ஒருவர் சொன்னதால் ஒரு பொருள் மாறியது என்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும், மற்றவர்களும் பார்க்க வேண்டும்.

இதை மிகப் பெரிய அளவில் செய்தவர்கள் லெகோ நிறுவனத்தார். 1998-இல் மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற ரோபோ பொம்மைத் தொகுப்பை வெளியிட்டார்கள். சில வாரங்களில் வாங்கியவர்களே அதன் மென்பொருளைப் பிரித்தறிந்து, தங்கள் விருப்பப்படி நிரல் எழுதத் தொடங்கினார்கள். வழக்குப் போடுவதா என்று யோசித்த நிறுவனம், கடைசியில் அதை அனுமதித்தது. பிரித்தறியும் உரிமையை உரிம ஒப்பந்தத்திலேயே சேர்த்தது. அடுத்த தலைமுறைப் பொம்மையான என்எக்ஸ்டியை 2004-இல் வடிவமைக்கத் தொடங்கியபோது, தீவிரமாக ஈடுபட்டிருந்த பயனர்களில் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து ரகசியமாக ஆலோசனைக் குழுவில் சேர்த்தார்கள். சம்பளம் கிடையாது. டென்மார்க்கின் பில்லுண்டில் நடந்த கூட்டத்துக்கு விமானச் செலவையும் அந்தப் பயனர்களே போட்டுக்கொண்டார்கள். கைக்குக் கிடைத்தது லெகோ பெட்டிகள். 2006-இல் வெளிவந்த என்எக்ஸ்டியில் அவர்கள் சொன்னவை சென்சார், மோட்டார், மென்பொருள் வரை இடம்பிடித்தன.

அவர்கள் சம்பளம் கேட்காததால் யாரிடமும் சும்மா வேலை வாங்கலாம் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்னாளில் லெகோ ஐடியாஸ் என்ற ஏற்பாட்டில், ரசிகர் ஒருவர் வடிவமைத்த மாதிரிக்கு 10,000 பேர் ஆதரவு கிடைத்தால் நிறுவனம் அதைப் பரிசீலிக்கும். விற்பனைக்கு வந்தால் நிகர விற்பனையில் 1 சதவீதம் வடிவமைத்தவருக்குப் போகும், அவர் பெயரும் படமும் பெட்டிக்குள் இருக்கும். ஆலோசனை என்பது ஒன்று, விற்பனைப் பொருளாகவே ஆகிவிட்ட வடிவமைப்பு என்பது வேறு. முதலாவதற்குப் பெயரும் மரியாதையும் போதும். இரண்டாவதற்குப் பணம் கொடுக்க வேண்டும்.

ஆலோசனையா வடிவமைப்பா என்ற கேள்வி எங்களுக்குக் கல்லின் எடை வடிவில் வந்தது. பன்னிரண்டு அங்குலக் கல், அரை சென்டிமீட்டர் கனம். இரும்பின் அடர்த்தியை வைத்துக் கணக்குப் போட்டால் வட்டத்தட்டு மட்டுமே இரண்டரைக் கிலோவுக்கு மேல். நீளக் கைப்பிடியும் சேர்ந்தால் இன்னும் கூடும். வயதான பெண்கள் பலர் மணிக்கட்டு வலிக்கிறது, ஒரு கையால் தூக்கிக் கழுவ முடியவில்லை என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். கனத்தைக் குறையுங்கள் என்பதுதான் எல்லோருடைய கோரிக்கையும்.

கோவைப் பட்டறைக்காரரிடம் கேட்டுவிட்டு, அவர் சொன்னதை ஒளிக்காமல் குழுவில் வைத்தோம். கனத்தை நாலு மில்லிமீட்டருக்குக் குறைத்தால் அரைக் கிலோ குறையும். ஆனால் மணல் அச்சில் உருக்கிய இரும்பு விளிம்புவரை ஓடுவதற்குள் உறைந்துபோய்க் குறையாகும் கற்கள் அதிகமாகும், விலை ஏறும். மெல்லிய கல்லில் சூடும் நிற்காது. மாவை ஊற்றியதும் சூடு சட்டென்று இறங்கும், முறுகல் வராது. இதுதான் நிலைமை, என்ன செய்யலாம் என்று கேட்டோம்.

மூன்று நாள் விவாதம் நடந்தது. முறுகல் போகுமென்றால் கனத்தைத் தொடாதீர்கள் என்று பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். எடையைப் பற்றிப் புகார் சொன்னவர்களும் அதைத்தான் சொன்னார்கள். பிறகு மதுரையிலிருந்து, பள்ளியில் சத்துணவுச் சமையல் செய்யும் ஒரு பெண் எழுதினார்: "கனம் இருக்கட்டும். நீட்டுப் பிடிய எடுத்துட்டு ரெண்டு பக்கமும் காது வையுங்க. எங்க பெரிய சட்டியெல்லாம் அப்படித்தான். ரெண்டு கையால தூக்குனா கனம் தெரியாது." பிரச்சினை எடையில் இல்லை, ஒரு கையால் நெம்புகோல் போலத் தூக்குவதில் இருக்கிறது என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார். எங்களுக்கும் பட்டறைக்காரருக்கும் அது தோன்றவே இல்லை.

புது மரமாதிரி செதுக்கி, கொஞ்சம் கற்கள் வார்த்து, மணிக்கட்டு வலி என்று எழுதியவர்களுக்கு முதலில் அனுப்பினோம். காது சிறிது என்று திரும்பி வந்தது, துணி பிடித்தால் விரல் நுழையவில்லை. பெரிதாக்கினோம். இன்றைக்கு அந்த இரட்டைக்காதுக் கல்தான் எங்கள் கடையில் அதிகம் போகிறது. மதுரைக்காரருக்கு முதல் ஆண்டு விற்பனையில் ஒரு பங்கு கொடுத்தோம். தொகை பெரிதல்ல, ஆனால் அது அவர் கேட்காமலே போனது, குழுவுக்கும் தெரிந்தது. கல்லின் அடியில் கடையின் முத்திரைக்குப் பக்கத்தில் "மதுரைக் காது" என்று வார்க்க வேண்டும் என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். வார்த்தோம்.

எதைக் குழு தீர்மானிக்கும், எதைத் தீர்மானிக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது இதில் மிக முக்கியம். விலை, பட்டறை, சம்பளம் ஆகியவை கடையின் முடிவு. வடிவம், குறிப்புத்தாள், குழு விதிகள் ஆகியவற்றில் அவர்கள் சொல்வது நடக்கும். நடக்காவிட்டால் ஏன் என்று காரணம் சொல்லப்படும். எல்லாவற்றிலும் கருத்துக் கேட்டுவிட்டு எதையும் செய்யாமல் இருப்பதைவிட, ஒன்றிரண்டில் மட்டும் கேட்டு அதை நிறைவேற்றுவது மேல்.

ஆல்பர்ட் முனிஸ், தாமஸ் ஓகுயின் என்ற அமெரிக்கப் பேராசிரியர்கள் 2001-இல் பிராண்டுச் சமூகங்களுக்கு மூன்று அடையாளம் சொன்னார்கள்: நாம் ஓர் இனம் என்ற உணர்வு, தங்களுக்குள் உருவாகும் சடங்குகள், ஒருவருக்கொருவர் கடமைப்பட்டிருக்கிறோம் என்ற எண்ணம். எங்கள் குழுவில் சடங்கு தானாகவே முளைத்தது. ஒட்டாமல் முழுசாக எடுத்த முதல் தோசையின் படத்தைப் புதியவர் போடுவார். எல்லோரும் "கல் பழகிடுச்சு" என்று எழுதுவார்கள். நாங்கள் சொல்லிக்கொடுத்ததில்லை. கடை இதைப் போட்டியாக்கிப் பரிசு அறிவிக்கலாம் என்று ஒரு விளம்பர ஆலோசகர் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். பரிசு வந்தால் அந்தப் படம் பரிசுக்கான படமாகிவிடும்.

புகார்களை அழிக்கக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒருமுறை ஒரு வார்ப்பில் குமிழ்க் குழிகள் இருந்தன, படத்தோடு குழுவில் வந்தது. அந்த வார்ப்பில் வாங்கிய எல்லோரும் கல்லைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று குழுவிலேயே கேட்டு மாற்றிக்கொடுத்தோம். சில பெண்களுக்குத் தெரியாத எண்களிலிருந்து தனிச்செய்தி வந்ததும் உண்டு. குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதால் இது எல்லாக் குழுவிலும் வரும் தொல்லை. அனுமதியில்லாமல் தனியே எழுதியவர் உடனே நீக்கப்படுவார், இரண்டாவது வாய்ப்பு கிடையாது. பொருள் வாங்கினார் என்பதற்காக யாரையும் கேட்காமல் குழுவில் சேர்ப்பதும் இல்லை. இணைப்பு அந்தத் தாளில் இருக்கிறது, விரும்பியவர் வரலாம்.

குழு உண்மையிலேயே அவர்களுடையதாகிவிட்டதா என்பதைப் பார்க்க நான் ஒன்றைத்தான் கணக்கெடுக்கிறேன். கேட்ட கேள்விக்கு முதல் பதில் யாரிடமிருந்து வந்தது? வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து கையால் எண்ணினால் போதும். உறுப்பினர் எண்ணிக்கையும் செய்தி எண்ணிக்கையும் ஏமாற்றும். முதல் பதிலில் கடையின் பங்கு குறைந்துகொண்டே வந்தால் சரியான திசை. பொங்கலுக்குக் கடை மூடியிருந்தபோதும் கேள்விகள் பதிலில்லாமல் கிடக்கவில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. பதில் சொல்பவர்கள் அதே மூன்று பேர்தானா என்றும் பார்க்க வேண்டும். அப்படியென்றால் அவர்கள் ஊருக்குப் போனால் குழு படுத்துவிடும்.

இதனால் வியாபாரம் கொழிக்கும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். கனடாவின் ஒட்டாவாவில் ராபர்ட் வாங் உருவாக்கி 2010-இல் விற்பனைக்கு வந்த இன்ஸ்டன்ட் பாட் என்ற மின்குக்கரின் கதை இதற்கு நல்ல பாடம். டிவி விளம்பரத்துக்குப் பணம் கொட்டாமல், சமையல் எழுதுவோருக்கும் கற்றுத்தருவோருக்கும் குக்கரைக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் ஃபேஸ்புக்கில் இலட்சக்கணக்கில் கூடி, தயிர் முதல் கேக் வரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். வாடிக்கையாளர் விமர்சனங்களை வாங் தானே உட்கார்ந்து படித்து அடுத்த மாதிரியைத் திருத்தினார். அப்படி ஒரு கூட்டம் இருந்தும், 2023 ஜூனில் தாய் நிறுவனமான இன்ஸ்டன்ட் பிராண்ட்ஸ் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கோரியது. கடன் சுமை ஒரு பக்கம், சரிந்த விற்பனை இன்னொரு பக்கம். நன்றாக உழைக்கும் குக்கரை வாங்கியவருக்கு இன்னொன்று எதற்கு?

தோசைக்கல்லுக்கும் அதே நிலைதான். ஒருமுறை வாங்கினால் பேரன் காலம்வரை வரும். குழுவில் இருப்பவரிடம் இரண்டாவது கல்லை விற்க முடியாது. விற்க முயன்றால் குழு போய்விடும். எங்களுக்குக் கிடைப்பது இரண்டு. துருப்பிடித்தது, ஒட்டுகிறது என்று திருப்பி அனுப்பப்படும் கற்கள் மிகவும் குறைந்துவிட்டன. மூன்று கிலோ இரும்பைக் கூரியரில் போகவர அனுப்பும் செலவு தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். மற்றது, உறுப்பினர் தன் மகளுக்கும் நாத்தனாருக்கும் சொல்லி வாங்க வைப்பது. வாங்கும்போதே "கல்ல வாங்கிரு, பழக்கறத நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி விடுகிறார்கள். அப்படி வரும் வாடிக்கையாளரிடம் எங்களுக்கு வேலையே இல்லை.

பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டிய பொருளுக்குத்தான் இது நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். நாங்களே விற்கும் எவர்சில்வர் டம்ளருக்கு ஒரு குழு தொடங்கினால் அதில் பேச என்ன இருக்கிறது? டம்ளரில் ஒருவர் மற்றவரைவிடத் தேர்ந்தவர் ஆவதில்லை.

இப்போது எங்கள் முன்னால் இருக்கும் வேலை குழுவைப் பிரிப்பது. வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேருக்கு மேல் சேர முடியாது, நாங்கள் அதை நெருங்கிவிட்டோம். புதியவர்களை மட்டும் இரண்டாவது குழுவில் போட்டால் அங்கே கேள்வி கேட்பவர்கள் மட்டும்தான் இருப்பார்கள், சொல்ல ஆள் இருக்காது. அதனால் சேர்ந்த தேதியை விட்டுவிட்டு அடுப்பை வைத்துப் பிரிக்கலாம் என்று உறுப்பினர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். கேஸ் அடுப்புக்காரர்கள் இருக்கும் இடத்திலேயே இருப்பார்கள். இண்டக்‌ஷனும் மின்சுருள் அடுப்பும் வைத்திருப்பவர்கள், சிங்கப்பூர், துபாய்க்காரர்கள் உட்பட, புதுக் குழுவுக்குப் போவார்கள். அவர்களின் கேள்விகள் வேறு. அடி தட்டையாக இல்லாவிட்டால் அவர்களுக்குச் சூடே ஏறாது, குழிக்கல் ஆகாது. பழைய உறுப்பினர்களில் இண்டக்‌ஷனில் கல்லைப் பழக்கியவர்கள் முன்வந்து முதலில் போகிறார்கள். அவர்கள் போய் உட்கார்ந்த பிறகே மற்றவர்களுக்கு இணைப்பு அனுப்பப்படும். குறிப்புத்தாளின் அடுத்த அச்சில் இண்டக்‌ஷனுக்குத் தனிப் பக்கம் வேண்டும் என்றும், அதை அவர்களே எழுதித் தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள்.